அச்சேறாத 22

அப்பாவுக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதிக்கொடுத்த அன்று இரவு ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். புரட்டிய இதழ்களில் எல்லாம் வெற்றிதான். "தோத்த சோதனையே கிடையாதா?" என்றாள் மனைவி.

இருந்தன. அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், அதற்கான சோதனைகளை முன்கூட்டியே எஃப்.டி.ஏ.விடம் பதிய வேண்டும். தோற்றாலும் முடிவைக் கொடுத்தாக வேண்டும். இதழ்களில் வெளியிட அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே முன்பு மதிப்பீட்டாளராக இருந்த எரிக் டர்னர், 12 மருந்துகளின் 74 சோதனைகள் இதழ்களில் எப்படி வந்தன என்று சக ஆய்வாளர்களுடன் ஒப்பிட்டுப் பார்த்து 2008இல் வெளியிட்டார்.

எஃப்.டி.ஏ. கணக்கில் வென்றவை 38. ஒன்றைத் தவிர எல்லாமே அச்சேறின. மீதி 36இல் 22 வெளிவரவே இல்லை. 11 சோதனைகள் வெற்றி போலத் தோன்றும்படி எழுதப்பட்டன. முதலில் குறித்த இலக்கு கைகூடாதபோது வேறொரு கணக்கை முன்னே நிறுத்துவது, அவ்வளவுதான் வித்தை. தோல்வியைத் தோல்வி என்றே சொன்னவை மூன்று. ஆக, இதழ்களை மட்டும் படித்தவர் கண்ணில் பட்டது 51க்கு 48 வெற்றி. உண்மையில் 74க்கு 38, பாதிதான்.

அதற்காக மாத்திரை வெறும் மாவு என்று சொல்லிவிட முடியாது. தோற்றவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோதும் 12 மருந்துகளும் போலி மாத்திரையை முந்தின. ஆனால் இதழ்கள் காட்டிய பலன் 32 விழுக்காடு ஊதிப் பெருத்திருந்தது.

அப்பா இன்னும் சாப்பிடுகிறார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.