நியமனக் கடிதத்தில் இல்லாத பண்டிகை போனஸ்: கொடையா, உரிமையா?

வடக்கு, கிழக்கில் புடைவைக் கடை, பலசரக்குக் கடை, அரிசி ஆலை, தனியார் அலுவலகம் எனப் பல இடங்களில் ஒரு வழமை உண்டு. தீபாவளிக்கோ, தைப்பொங்கலுக்கோ, சித்திரைப் புத்தாண்டுக்கோ முன்னர் முதலாளி ஒரு மாதச் சம்பளத்தை மேலதிகமாகக் கொடுப்பார். சில நிறுவனங்கள் இதை டிசம்பரில் 'பதின்மூன்றாம் மாதச் சம்பளம்' என்ற பெயரில் கொடுக்கின்றன. பிள்ளைகளின் புதிய வகுப்புக்கான கொப்பிகளும் சப்பாத்தும், அடகில் இருக்கும் நகையின் வட்டியும் இந்தக் காசை நம்பியே இருக்கும். ஆனால் நியமனக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஒரு வருடம் அது நின்றுபோனால் கேட்கலாமா?

இலங்கையில் தனியார் துறை முதலாளி போனஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஊழியர் சேமலாப நிதியம் போலவோ பணிக்கொடை போலவோ இது சட்டம் விதித்த கொடுப்பனவு அல்ல. அப்படியென்றால் எழுத்தில் இல்லாத போனஸ் எப்போதும் முதலாளியின் விருப்பம்தானா? அப்படியும் இல்லை. நீண்ட காலம் ஒரே விதமாகக் கொடுக்கப்பட்டு வந்த ஒன்று, எழுதப்படாவிட்டாலும் வேலை நிபந்தனைகளில் ஒன்றாகிவிடலாம். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படும் நடுத்தீர்ப்பாளரும் தொழில் நியாய சபையும் ஒப்பந்தத்தின் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. எது நீதியும் நியாயமும் ஆனது என்று பார்த்தே தீர்ப்பளிக்க வேண்டும்.

எப்போது கொடை உரிமையாகிறது? 1959 இல் இந்திய உச்ச நீதிமன்றம் துர்க்கா பூஜை போனஸ் பற்றிய ஒரு வழக்கில் நான்கு கேள்விகளை வைத்தது. இடைவிடாமல் கொடுக்கப்பட்டதா? போதிய நீண்ட காலம் கொடுக்கப்பட்டதா? நட்டம் வந்த வருடங்களிலும் கொடுக்கப்பட்டதா? ஒரே அளவில் கொடுக்கப்பட்டதா? அந்தத் தீர்ப்பு இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் கடை வழமையை நீங்களே அளந்து பார்க்க இதைவிட எளிய அளவுகோல் இல்லை.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியில் ஒரு புடைவைக் கடை. 2014 முதல் ஒவ்வொரு தீபாவளிக்கும் எல்லா ஊழியருக்கும் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் கொடுக்கப்பட்டது. 2020 இல் கொவிட் காரணமாகக் கடை பூட்டிக் கிடந்ததால் பாதிதான் வந்தது. மீதியை முதலாளி 2021 மார்ச்சில் கொடுத்தார். பொருளாதார நெருக்கடி வந்த 2022 இலும் முழுத் தொகையும் கிடைத்தது. 2024 தீபாவளிக்கு ஆளுக்கொரு சேலையும் இனிப்புப் பெட்டியும் மட்டும் வந்தன. இப்போது 28,000 ரூபா அடிப்படைச் சம்பளம் வாங்கும் ஒரு பெண் அந்த 28,000 ரூபாவைக் கேட்கலாமா?

கேட்கப் பலமான நியாயம் உண்டு. 2014 முதல் 2023 வரை பத்துத் தடவைகள் தவறாமல் கொடுக்கப்பட்டிருக்கிறது. ரூபாக் கணக்கு கூடினாலும் 'ஒரு மாத அடிப்படைச் சம்பளம்' என்ற அளவு மாறவில்லை. வியாபாரம் படுத்த வருடத்திலும் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது 2020 இன் மீதி. கொடை என்றால் மீதி என்று ஒன்று இருக்காது. பின்னர் கொடுத்துத் தீர்த்தது, முதலாளியே அதைக் கடனாக நினைத்தார் என்பதற்கு அடையாளம்.

பக்கத்துக் கடையில் நிலைமை வேறு என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு வருடம் 5,000, மறுவருடம் 10,000, அடுத்த வருடம் ஒன்றுமில்லை. நல்ல வியாபாரம் நடந்த வருடத்தில் சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைய. இதை உரிமை என்று நிறுவுவது மிகக் கடினம். அது முதலாளியின் மனமுவந்த கொடையாகவே பார்க்கப்படும்.

அடுத்தது ஆதாரம். எங்கள் பகுதியில் போனஸ் பெரும்பாலும் கடித உறைக்குள் காசாகவே வருகிறது. யுத்தத்தில் வீட்டோடு பத்திரங்களையும் இழந்தவர்கள் பழைய காலத்தைக் காட்ட முடியாமல் போகலாம். மீளத் திறந்த பின் தொடர்ந்த வருடங்களைக் காட்டினாலும் அது பயன் தரும். காசு கிடைத்த நாளிலேயே திகதி, தொகை, கொடுத்தவர், கூட நின்றவர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வங்கியில் போட்டால் புத்தகத்தில் பதிவு நிற்கும். 'நாளைக்குப் போனஸ் தருவம்' என்று மனேஜர் அனுப்பிய தொலைபேசிச் செய்தியையும் அழிக்க வேண்டாம். வேலையை விட்டுப்போன பழைய ஊழியரின் சாட்சியும் செல்லும்.

கையொப்பம் வைக்கும்போது கவனம் தேவை. வவுச்சரில் 'அன்பளிப்பு' என்று இருக்கிறதா, 'போனஸ்' என்று இருக்கிறதா என்று வாசியுங்கள். போனஸ் முதலாளியின் விருப்பத்துக்கு உட்பட்டது என்ற வரியோடு புதிய கடிதம் தந்தால், ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, விளங்கிய பின் முடிவெடுங்கள். அந்த ஒரு வரி பத்து வருட வழமையைப் பலவீனப்படுத்தலாம்.

பண்டிகை முற்பணத்தையும் போனஸையும் குழப்பக் கூடாது. அரச ஊழியருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் பண்டிகைக்கு முன்னர் கிடைக்கும் முற்பணம் ஒரு கடன். பின்னர் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டப்படும். உங்களுக்குக் கிடைத்த தொகை எப்போதாவது திரும்ப வெட்டப்பட்டிருந்தால் அது போனஸ் அல்ல.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒவ்வொரு மாதமும் தவறாமல் கொடுக்கும் சம்பளத்தின் ஒரு பகுதியைச் சில முதலாளிகள் 'போனஸ்' என்று எழுதுகிறார்கள். வருடாந்த போனஸுக்குச் சேமலாப நிதியம் கட்டப்படுவதில்லை. பணிக்கொடைக் கணக்கிலும் அது சேராது. 30,000 ரூபா சம்பளத்தில் 8,000 ரூபாவைப் போனஸ் என்று எழுதினால், முதலாளி கட்டவேண்டிய 12 வீதம் 3,600 ரூபாவிலிருந்து 2,640 ரூபாவாகக் குறையும். மாதம் 960 ரூபா உங்கள் கணக்குக்கு வராமல் போகும். பெயர் எதுவாக இருந்தாலும் மாதாமாதம் வருவது சம்பளமா என்று தொழில் காரியாலயத்தில் கேட்கலாம்.

வேலையில் இருப்பவர்கள் முதலில் முதலாளிக்கு எழுத்தில் கேட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். பதில் இல்லாவிட்டால் உங்கள் மாவட்டத் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அங்கே இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். இணக்கம் வராவிட்டால் விடயம் நடுத்தீர்ப்புக்குப் போகலாம். இது மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் இழுபடும். சேமலாப நிதியப் பாக்கியைப் போல உடனே அறவிட்டுத் தர அதிகாரிக்கு இங்கே வழியில்லை. சிறிய கடையில் தனியாகக் கேட்பவர் வேலையை இழக்கும் ஆபத்தும் உண்டு. ஐந்து பேர் சேர்ந்து கையொப்பமிட்ட கடிதம் ஒருவரின் கடிதத்தைவிடப் பாதுகாப்பானது. வழமை எல்லோருக்கும் பொதுவானது என்பதற்கும் அதுவே சாட்சி.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். விண்ணப்பிக்கும் காலக்கெடு குறுகியது என்பதால், நிறுத்தப்பட்ட வாரத்திலேயே தொழில் காரியாலயத்துக்குப் போய் விசாரியுங்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னர் நிறுத்தப்பட்டவருக்குப் பத்து மாதத்துக்கான பங்கு கிடைக்குமா என்பதும் வழமையைப் பொறுத்ததே. முன்னர் இடையில் விலகியவர்களுக்கு அந்தக் கடை பங்கு கொடுத்திருந்தால், உங்களுக்கும் கேட்க நியாயம் உண்டு. ஆகவே போவதற்கு முன் பழைய ஊழியர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.