ஐந்தும் ஒன்பதும் குறைந்த டெலிபோன் டிரெக்டரி



போன கிழமை பாடத்தில் முப்பது பிள்ளைகளிடம் ஆளுக்குப் பத்து இலக்கம், மனதில் தோன்றியபடி எழுதச் சொன்னேன். மொத்தம் 300. ஒவ்வொரு இலக்கமும் சுமார் 30 தடவை வரவேண்டும். ஆனால் 7 வந்தது 47 தடவை, 0 வெறும் 13. வித்தியாசத்தின் வர்க்கத்தை 30ஆல் பிரித்தால் இந்த இரண்டுக்கு மட்டும் 19.3. பத்து இலக்கங்களையும் கூட்டியே 16.9ஐத் தாண்டுவது, உண்மையான எழுமாற்றில் இருபதுக்கு ஒரு முறைதான். இதுதான் கை வர்க்கச் சோதனை.

இதே பிரச்சினை ஆய்வாளர்களுக்கும் இருந்தது. 1927இல் டிப்பெட் என்பவர் 41,600 எழுமாற்று இலக்கங்களை நூலாக வெளியிட்டார். மாதிரி ஆய்வுகளுக்கு அதை நம்பலாமா என்று கல்கத்தாவில் மகலனோபிஸ் குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள்.

1938இல் கெண்டல், பாபிங்டன் ஸ்மித் இருவரும் லண்டன் டெலிபோன் டிரெக்டரியில் இருந்து 10,000 இலக்கங்களை எடுத்தார்கள். கலந்து கிடக்கும் இலக்கம்தானே என்று நாமும் நினைப்போம். எண்ணிப் பார்த்தால் 5உம் 9உம் குறைவு! ஆங்கிலத்தில் ஃபைவும் நைனும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் இலக்கம் கொடுக்கும்போதே தவிர்த்திருப்பார்கள் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம்.

ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. 0123456789 என்று திரும்பத் திரும்ப எழுதினாலும் எண்ணிக்கை அச்சொட்டாகச் சமன் வரும். அதனால் அவர்கள் இன்னும் மூன்று சோதனைகள் வைத்தார்கள். எந்த இலக்கத்துக்குப் பின் எது வருகிறது என்பது ஒன்று. ஒரு இலக்கம் மறுபடி வர எவ்வளவு இடைவெளி என்பது இன்னொன்று. மூன்றாவது, நான்கு நான்காகப் பிரித்துப் பார்ப்பது: நான்கும் வேறு வேறாக இருப்பது 100க்கு 50 தான், ஒரே ஒரு சோடி இருப்பது 43.

எங்கட வகுப்பு விழுந்தது முதலாவதிலும்தான். 270 அடுத்தடுத்த சோடிகளில் ஒரே இலக்கம் இரட்டையாக வர வேண்டியது 27 அளவில். வந்தது ஆறு. "ஒன்றையே திருப்பி எழுதினா வேணுமெண்டு எழுதினமாதிரி இருக்கும் சேர்" என்றான் ஒரு பையன். மனிதக் கை இரட்டைக்குப் பயப்படுகிறது, அதனாலேயே பிடிபடுகிறது.

பிறகு கெண்டல் குழு சுழலும் தட்டொன்றை வைத்து, வெளிச்சம் மின்னும் கணத்தில் இலக்கத்தை வாசித்து, 1939இல் 100,000 இலக்கங்களை வெளியிட்டது. அதிலும் ஒரு வேடிக்கை: வாசித்தவர்களில் ஒருவருக்கு, தன்னை அறியாமலே, இரட்டை எண்கள் பக்கம் சாய்வு! தட்டில் பிழையில்லை, கண்ணில்தான்.

சோதனையில் தேறியது எழுமாறானது என்று நிரூபணமாகாது. நாம் தேடிய பிழை அதில் இல்லை என்பது மட்டும்தான். மறுபக்கம், உண்மையான எழுமாற்று வரிசை போதிய நீளமாக இருந்தால் அதில் பூச்சியங்களாகவே நிறைந்த துண்டும் எங்கோ வரும். கெண்டல் இதை அறிந்துதான், சோதனையில் தவறிய ஆயிர இலக்கத் தொகுதிகளை அட்டவணையிலிருந்து நீக்காமல், தனியே பாவிக்க வேண்டாம் என்று குறிப்பு மட்டும் போட்டு வைத்தார்.