பணி எல்லை மாற்றக் கடிதம் (கொங்கு வட்டாரச் சாயத்தொழில்)

பணி எல்லை மாற்றக் கடிதம் என்பது, ஒப்புக்கொண்ட வேலையின் அளவோ தன்மையோ இடையில் மாறும்போது, அந்த மாற்றத்தின் காரணத்தையும் அதனால் வரும் கூடுதல் செலவையும் ஆலோசகர் தம் வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்கும் ஆவணம். கட்டடம், இயந்திரம், மென்பொருள் என எல்லாத் துறையிலும் இது உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் சாயக்கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் பொறியியல் ஆலோசகர்களின் கடிதத்துக்குத் தனி இயல்பு இருக்கிறது. வேறு பல ஊர்களில் வடிவமைப்பு எண் சற்றுத் தவறினால் மிஞ்சும் கழிவுநீர் சாக்கடைக்குப் போய்விடும். இங்கே அது போக இடமில்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், பல ஆண்டுகள் சாயநீரைச் சுமந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய அந்த நீர் கீழ்ப்பகுதி வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாயப்பட்டறைகளின் பொறுப்பை உறுதி செய்தது. அதன் பிறகும் உப்புநீர் வெளியேறியதால், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டும் வெளியே விடாத 'பூஜ்ய வெளியேற்றம்' என்ற நிபந்தனையோடுதான் தொழில் மீண்டும் நடக்கத் தொடங்கியது. ஆகவே சாயத்தொட்டியில் போடும் உப்பில் ஒவ்வொரு கிலோவும் நிலையத்துக்குள்ளேயே கணக்குத் தீர வேண்டும். கடிதத்தின் கணக்கும் அந்த உப்பிலிருந்தே தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்கை விளக்க ஒரு மாதிரி நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 4 டன் பின்னலாடைத் துணிக்குச் சாயம் போடும் புதிய பட்டறை. ஒரு கிலோ துணிக்குச் சுமார் 50 லிட்டர் கழிவுநீர் என்று கொண்டால், நாளுக்கு 200 கிலோலிட்டர். தொழிலில் இதை 200 கே.எல்.டி. என்பார்கள். உரிமையாளர் கொடுத்த திட்டத்தில் அடர் நிறத் துணி 30 சதவீதம், மற்றது வெளிர் நிறம். ஆலோசகரின் கட்டணம் 9 லட்சம் ரூபாய் என்று பேசி முடிந்து, பாதி வரைபடங்கள் தயாராகிவிட்டன. அப்போது பெரிய ஏற்றுமதி ஆர்டர் ஒன்று வருகிறது. கறுப்பும் கடற்படை நீலமும்தான் அதில் அதிகம். அடர் நிறத்தின் பங்கு 70 சதவீதமாகிறது.

உரிமையாளர் கேட்பது இயல்பான கேள்வி: "தண்ணி அதே 200 தானுங்களே, அப்புறம் எதுக்குங்க எவாப்பரேட்டர் பெருசாகணும்?" இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லாத கடிதம், தொகை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

பதில் இதுதான். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 30 கிராம் உப்பு, அடர் நிறத்துக்கு 70 கிராம் என்றும், ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் சாயக்குளியல் என்றும் வைத்துக்கொண்டால், வெளிர் நிறத்துக்கு 180 கிராம், அடர் நிறத்துக்கு 420 கிராம் உப்பு போகிறது. பழைய கலவையில் சராசரி ஒரு கிலோ துணிக்கு 252 கிராம். புதிய கலவையில் 348 கிராம். சோடா ஆஷ் போன்ற மற்றவற்றையும் சேர்த்தால் முறையே சுமார் 300 கிராமும் 400 கிராமும் 50 லிட்டர் நீரில் கரைந்து வருகின்றன. அதாவது கழிவுநீரின் கரைந்த திடப்பொருள் அளவு லிட்டருக்கு 6,000 மில்லிகிராமிலிருந்து 8,000 மில்லிகிராமாக ஏறுகிறது.

ஆர்.ஓ. சவ்வு நல்ல நீரைப் பிரித்தெடுத்துவிட்டு உப்பை ஒரு பக்கம் ஒதுக்கும். அந்த ஒதுக்குநீரை, அதாவது ரிஜெக்டை, லிட்டருக்கு 40,000 மில்லிகிராம் வரைதான் செறிவாக்குவது என்று வடிவமைப்பில் முடிவு செய்திருந்தால், 6,000 மில்லிகிராம் நீரில் ரிஜெக்ட் 15 சதவீதம், 30 கே.எல்.டி.; 8,000 மில்லிகிராமில் 20 சதவீதம், 40 கே.எல்.டி. உள்ளே வரும் நீர் மாறவே இல்லை. ஆனால் ஆவியாக்க வேண்டிய நீர் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. நாள் முடிவில் கையாள வேண்டிய திடப்பொருளும் 1.2 டன்னிலிருந்து 1.6 டன்னாகிறது. நான்கு கட்ட எவாப்பரேட்டரில் ஒரு டன் நீராவி மூன்று டன்னுக்குச் சற்று மேலான நீரை ஆவியாக்கும் என்பதால், கூடுதல் 10 டன் நீருக்கு நாளுக்கு ஏறக்குறைய 3 டன் நீராவி கூடுதலாக வேண்டும். பாய்லர் அதைத் தாங்குமா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

நல்ல கடிதம் இந்தச் சங்கிலியை விட்டுவிடாமல் ஒரே பத்தியில் எழுதும். சாய மாஸ்டர் அதைப் படித்துத் தலையாட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் உரிமையாளர் பெரும்பாலும் கையெழுத்திடுவார்.

இரண்டு செலவுகள்

'கூடுதல் செலவு' என்ற சொல்லில் இரண்டு வேறு செலவுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, நிலையத்தின் விலை. மற்றது, ஆலோசகரின் கட்டணம். இரண்டையும் ஒரே தொகையாக எழுதுவதுதான் இந்தக் கடிதங்களில் நான் காணும் மிக மோசமான குறை. முதல் செலவு இயந்திரம் விற்பவருக்குப் போகிறது, ஆலோசகருக்கு அல்ல. கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு கூடினால் விலையும் அதே அளவு கூடும் என்பதில்லை. வழக்கமான மதிப்பீட்டு விதிப்படி ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் கூடும். அதையும் 'மதிப்பீடு, விலைப்புள்ளி வந்த பிறகே உறுதி' என்று குறித்தே எழுத வேண்டும். ஆலோசகரின் கட்டணம் திட்டச் செலவின் சதவீதமாகப் பேசப்பட்டிருந்தால், திட்டம் பெருகப் பெருகத் தமக்கும் வருமானம் கூடும் என்பதைக் கடிதத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுவது நேர்மை.

இரண்டாவது செலவை நாள்கணக்கில் பிரித்துக் காட்டலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில்: மூத்த பொறியாளர் 8 நாள், நாளுக்கு 9,000 வீதம் 72,000, வரைவாளர் 14 நாள், 3,500 வீதம் 49,000, புதிய நிறக் கலவையின் மாதிரிநீர்ச் சோதனைக்கு 19,000, நான்கு தளப் பார்வைக்கு 20,000. மொத்தம் 1,60,000. பழைய ஒப்பந்தத்தில் இருந்த, இன்னும் தொடங்காத ஒரு விலை ஒப்பீட்டு வேலை புதிய வேலைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் 15,000 கழித்து 1,45,000. கழிக்க வேண்டிய தொகை ஒன்று இருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுவது ஆலோசகரின் கடமை. கூட்டல் மட்டுமே உள்ள பட்டியலை வாடிக்கையாளர் நம்பத் தேவையில்லை.

இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 26,100 சேர்ந்து பில் 1,71,100 ஆகும். தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தால், ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருக்கும்போது பிடித்தம் 1,45,000-க்கு மட்டுமே; 14,500 போக ஆலோசகருக்கு வருவது 1,56,600. பதிவுபெற்ற பட்டறை பொதுவாக ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அதன் உண்மைச் சுமை 1,45,000 தான். இதைக் கடிதத்தில் ஒரு வரியில் சொன்னால் பில் தொகையைப் பார்த்து வரும் அதிர்ச்சி குறையும்.

எது எல்லை மாற்றம், எது ஆலோசகரின் பிழை

எல்லாக் கூடுதல் வேலைக்கும் பணம் கேட்க முடியாது. ஒப்பந்தத்தின் இணைப்பாக 'வடிவமைப்பு அடிப்படை' என்ற ஒரு தாள் இருக்கும். துணியின் எடை, நிறக் கலவை, நீரளவு, உப்பளவு எல்லாம் அதில் இருக்கும். '30 சதவீதம் அடர் நிறம்' என்ற எண்ணை உரிமையாளர் கொடுத்து இருவரும் கையெழுத்திட்டிருந்தால், அது மாறும்போது வருவது எல்லை மாற்றம். ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையில் வெளிர் நிற லாட்டுகள் ஓடிய ஒரே வாரத்தில் மட்டும் மாதிரி எடுத்து, ஆலோசகர் தாமே 6,000 என்று எழுதியிருந்தால், அது ஆலோசகரின் பிழை. அதைச் சரிசெய்யக் கட்டணம் கேட்பது முறையன்று. எது என்று தெரியாதபோது உப்புக் கொள்முதல் பில்களையும் லாட் பதிவேட்டையும் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு வருடத்தில் வாங்கிய உப்பின் எடையைச் சாயமிட்ட துணியின் எடையால் வகுத்தாலே கிலோவுக்கு எவ்வளவு உப்பு என்ற கணக்கு வந்துவிடும். பழைய உப்புநீரை மறுபடி பயன்படுத்தும் பட்டறையில் மட்டும் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தேர்வுகள்

வாடிக்கையாளருக்கு ஒரே வழியை மட்டும் நீட்டும் கடிதம் மிரட்டல் போல ஒலிக்கும். இங்கே குறைந்தது மூன்று வழி இருக்கிறது. எவாப்பரேட்டரைப் பெரிதாக்குவது ஒன்று. ரிஜெக்டை நானோ வடிகட்டி வழியாக நிறமும் கடினத்தன்மையும் நீக்கி, உப்புநீராகவே மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்புவது இன்னொன்று. திருப்பூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றில் இம்முறை நடைமுறையில் உள்ளது. ஆவியாக்கும் சுமையும் உப்பு வாங்கும் செலவும் குறையும், ஆனால் நிறம் சரியாக விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சாய மாஸ்டர் சிறு லாட்டில் சோதிக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, அடர் நிறத்தை 30 சதவீதத்திலேயே நிறுத்தி, மிஞ்சிய ஆர்டரை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பது. இந்த மூன்றாவது வழியில் ஆலோசகருக்கு ஒரு ரூபாயும் கூடுதலாக வராது. அப்படியிருந்தும் அதைக் கடிதத்தில் எழுதுகிறவரின் மற்ற எண்களை வாடிக்கையாளர் நம்புவார்.

எப்போது, எப்படி

இந்தக் கடிதம் கூடுதல் வேலை தொடங்கும் முன்பே போக வேண்டும். கொங்கு வட்டாரத்தில் தொழில் பெரும்பாலும் வாய்ச்சொல்லில் நடக்கிறது. "செஞ்சிருங்கண்ணா, பாத்துக்கலாம்" என்று போனில் சொல்வது நல்லெண்ணத்தோடுதான். ஆனால் மூன்று மாதம் கழித்து, கணக்குப்பிள்ளை மேசையில் பில் விழும்போது, அந்தப் பேச்சு அவருக்குத் தெரியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, இருவரும் உடன்பட்டே ஒப்பந்தத்தை மாற்றலாம் என்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்று 70-ஆம் பிரிவு சொன்னாலும், அதை நம்பி நீதிமன்றம் போவது இரு தரப்புக்கும் நஷ்டம். போனில் பேசிய அன்றே கீழ்க்கண்டது போலச் சில வரிகள் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, இன்று பேசியபடி அடர் நிறப் பங்கு 30-லிருந்து 70 சதவீதமாகிறது. இதனால் ரிஜெக்ட் 30-லிருந்து 40 கே.எல்.டி. ஆகும். வடிவமைப்பைத் திருத்தக் கூடுதல் கட்டணம் ரூ.1,45,000 மற்றும் ஜி.எஸ்.டி.; கால அவகாசம் மூன்று வாரம் கூடும். இயந்திர விலை மாற்றம் இதில் சேராது. தங்கள் சம்மதம் எழுத்தில் வந்ததும் தொடங்குகிறோம். அதுவரை மாற்றத்தால் பாதிக்கப்படாத வரைபடங்களைத் தொடர்கிறோம்."

கடைசி வாக்கியம் முக்கியமானது. வேலை மொத்தமாக நிற்கவில்லை என்று அது உறுதி சொல்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஏற்கெனவே விண்ணப்பம் கொடுத்திருந்தால், கழிவுநீரின் தன்மையும் எவாப்பரேட்டரின் கொள்ளளவும் மாறியதைத் திருத்தித் தெரிவிக்க வேண்டும். அந்த வேலை யாருடையது, வாரியக் கட்டணம் யார் கணக்கில் என்பதும் இதே கடிதத்தில் வர வேண்டும். ஆலோசகர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணம் 45 நாளைத் தாண்டக் கூடாது.

சம்மதம் வந்த நாளில், பழைய வடிவமைப்பு அடிப்படைத் தாளில் திருத்த எண்ணும் தேதியும் இட்டுப் புதிய தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அடுத்த மாற்றம் வரும்போது ஒப்பிட வேண்டியது அந்தப் புதிய தாளோடுதான்.