‘அமைதி’ என்று பெயர் வைத்தால் அமைதி வருமா?

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிறவல் ஒழுங்கையில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, பின்னேரங்களில் நோயாளிகளைப் பார்க்கத் தயாரானாள் என் பள்ளித்தோழி. அவள் வைத்தியர். கட்டில் ஒன்று, பிரஷர் பார்க்கும் கருவி, மருந்து அலுமாரி, உதவிக்கு ஒரு பிள்ளை, முற்றத்தில் ஒரு மாமரம். எல்லாம் இருந்தது, பெயர் மட்டும் இல்லை. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று.

“எடி, நீ மீடியா படிச்சனிதானே. சனம் பயப்பிடாமல் வாற மாதிரி ஒரு பெயர் சொல்லு. பெரிய ஆஸ்பத்திரி மாதிரியும் இருக்கக்கூடாது” என்றாள்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. ‘அமைதி’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவளுடைய அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அமைதிப்படையோ பிள்ளை?”

1987 ஒக்டோபர் 21ஆம், 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்தியப் படையினர் வைத்தியர்கள், தாதியர்கள், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். வந்த படையின் பெயர் அமைதிப்படை. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் இருந்த ஒருவருக்கு ‘அமைதி’யும் ‘ஆஸ்பத்திரி’யும் ஒரே பலகையில் வந்தால் என்ன தோன்றும் என்று நான் எண்ணிப் பார்க்கவேயில்லை. அகராதியில் ஒரு சொல்லுக்கு இருக்கும் பொருள் வேறு, எங்கள் ஆட்களின் காதில் அதற்கு இருக்கும் பொருள் வேறு. பெயர் தேடும் வேலை எங்களுக்கு அங்கேதான் தொடங்கியது.

பின்சொல்லை முதலில் முடிவு செய்யுங்கள்

இப்படியான இடத்தின் பெயரில் இரண்டு பாதிகள் உண்டு. முன்சொல் அந்த இடத்துக்கே உரியது. பின்சொல் அது என்ன வகையான இடம் என்று சொல்வது. எல்லோரும் முன்சொல்லைத்தான் தேடி அலைகிறார்கள். ஆனால் இடம் பெரிதா சிறிதா, உள்ளே என்ன கிடைக்கும் என்பதைச் சொல்வது பின்சொல்தான்.

‘ஹொஸ்பிட்டல்’, ‘வைத்தியசாலை’ என்ற சொற்களை என் தோழி முதலிலேயே தள்ளிவிட்டாள். அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. முன்னர் அவள் பகுதிநேரமாக வேலை செய்த ஒரு சிறிய இடத்தின் பலகையில் ‘ஹொஸ்பிட்டல்’ என்று இருந்தது. ஒரு இரவு பாம்பு கடித்த ஒருவரை வயலிலிருந்து நேரே அங்கே தூக்கி வந்துவிட்டார்கள். அங்கே விஷமுறிவு மருந்தும் இல்லை, நோயாளியை வைத்துக் கவனிக்க வசதியும் இல்லை. உடனே மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். ஆனாலும் முக்கால் மணித்தியாலம் வீணாகியிருந்தது. “அந்தப் பலகைதான் அவையளை இஞ்ச கூட்டி வந்தது” என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். பெரிய பெயர் வெறும் பகட்டு மட்டுமல்ல. வன்னியில் அது தவறான திசைகாட்டியாகவும் ஆகிவிடலாம்.

அடுத்தது ‘கிளினிக்’. ஆங்கிலத்தில் இது சிறிய இடத்தைக் குறிக்கும் சொல். எங்கள் ஊரில் அப்படியல்ல. ‘கிளினிக்’ என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை வரும் நாள். விடியப்புறம் போய் நம்பர் எடுப்பது, கொப்பியை அடுக்கிவிட்டு வாங்கில் காத்திருப்பது, சீனி, பிரஷர் மருந்து வாங்கி மத்தியானம் வீடு வருவது. பெயரைச் சொல்லிப் பார்த்தபோது பக்கத்து வீட்டு அம்மா கேட்டது இதைத்தான்: “கிளினிக் எண்டா கொப்பி கொண்டு வரவேணுமோ?”

‘சனலிங் சென்டர்’ என்றால் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் விசேட வைத்தியரும் அவருக்கான கட்டணமும் நினைவுக்கு வரும். ‘மருந்தகம்’ என்றால் பாமசி என்று எண்ணிச் சீட்டோடு வந்து மருந்து கேட்பார்கள்.

‘நிலையம்’ என்ற சொல்லில் நான் சற்றுத் தங்கினேன். ‘மருத்துவ நிலையம்’ என்பது நல்ல தமிழ்தான். ஆனால் 2009இல் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் எங்களை அடைத்து வைத்த இடங்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘நலன்புரி நிலையம்’. ‘நிலையம்’ தனியாக வந்தால் பலருக்கு ஒன்றும் தோன்றாது. அதன் முன்னால் ‘நலன்’, ‘புனர்வாழ்வு’, ‘பராமரிப்பு’ என்ற சொற்கள் சேரும்போதுதான் முகங்கள் மாறுகின்றன. ‘புனர்வாழ்வு’ உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு மிகப் பொருத்தமான சொல். ஆனால் சரணடைந்து தடுப்பிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்களுடைய தாய்மாருக்கும் அந்தச் சொல் சிகிச்சையை நினைவூட்டாது.

மிஞ்சியது ‘டிஸ்பென்சரி’. பழைய சொல். ஒரு வைத்தியர், ஒரு மேசை, மருந்து கட்டிக் கொடுக்கும் ஒருவர் என்பதுதான் அதைக் கேட்டதும் மனதில் வரும் படம். படுக்கை இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதையே எடுத்தோம். இளையவர்களுக்கு அது பழசாகத் தோன்றலாம் என்பதால் கீழே சிறிதாகக் ‘குடும்ப வைத்தியர்’ என்று சேர்த்தோம்.

அழகான சொல்லா, வழிகாட்டும் சொல்லா?

முன்சொல்லுக்காக ஒரு பட்டியல் போட்டோம். ‘சாந்தி’ நல்ல சொல், ஆனால் மரண அறிவித்தல்களில் ஆத்மாவோடு சேர்ந்தே வருகிறது. ‘சமாதானம்’ பல பேச்சுவார்த்தைகளையும் அவை முறிந்த விதத்தையும் கண்ட சொல். ‘நிம்மதி’ என்றதும் என் தோழியே சிரித்தாள்: “அது நான் குடுக்கேலாது. நான் குளிசைதான் குடுப்பன்.”

அவளுடைய பகிடியில் ஒரு உண்மை இருந்தது. அமைதியைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் வாக்குறுதிகள். காய்ச்சலோடு வரும் பிள்ளையின் தாய்க்கு வாக்குறுதி தேவையில்லை. எங்கே போகிறோம், அங்கே யார் இருப்பார், எப்போது வீடு திரும்பலாம் என்று தெரிந்தால் போதும், பதற்றம் பாதி குறையும். எனவே அமைதியைப் பெயராக வைப்பதை விட்டுவிட்டு, ஏற்கெனவே பழகிய ஒன்றைப் பெயராக வைப்பது என்று முடிவெடுத்தோம்.

எங்கள் ஆட்கள் வழி சொல்லும் முறையைக் கவனித்துப் பாருங்கள். புளியடி, ஆலடி, இலுப்பையடி என்று மரத்தின் அடியை வைத்துத்தான் சொல்வார்கள். ‘வேம்படி’ என்றால் யாழ்ப்பாணத்துப் பாடசாலைதான் நினைவுக்கு வரும். ‘நாவலடி’ மட்டக்களப்பில் 2004 சுனாமி அழித்த கரையோரக் கிராமத்தின் பெயர். உதவிக்கு வந்த பிள்ளை அந்தப் பக்கத்தவள், அதனால் அதையும் விட்டோம். முற்றத்தில் நின்றதோ மாமரம். ‘மாவடி’ என்ற பெயர் அங்கேயே இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை.

எப்படிச் சோதித்தோம்?

‘பெயர் நல்லாயிருக்கா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘நல்லாயிருக்கு’ என்பார்கள். அதனால் கேள்வியை மாற்றினோம். ஒழுங்கையில் உள்ள ஏழு பேரிடம் பெயரை மட்டும் சொல்லி, “உள்ளுக்க என்ன இருக்கும் எண்டு நினைக்கிறியள்?” என்று கேட்டோம். மாடி இருக்குமா, படுக்கை இருக்குமா, இரவில் நெஞ்சுவலி என்றால் அங்கே போவீர்களா என்றும் கேட்டோம்.

முன்னர் நினைத்திருந்த, ‘மெடிகெயார் ஹொஸ்பிட்டல்’ என்று முடியும் பெயருக்கு நான்கு பேர் இரவில் வருவோம் என்றார்கள். அங்கே இரவில் பூட்டுத்தான் தொங்கும். ‘மாவடி டிஸ்பென்சரி’க்கு ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு ஐயா, “காய்ச்சல், தடிமனுக்குப் போகலாம்” என்றார். எங்களுக்கு வேண்டியிருந்த பதில் அதுதான்.

இரண்டாவது சோதனை ஓட்டோக்காரரிடம். பெயரை ஒருமுறை சொல்லி, மறுநாள் அதே ஆளிடம் “நேற்றுச் சொன்ன இடம் எது?” என்று கேட்டோம். “மாமரத்து டொக்டர் வீடு” என்றார். பெயர் சற்று மாறிவிட்டது, இடம் மாறவில்லை. ஊர் எப்படியும் தன் பெயரைத்தான் வைக்கும். பலகையில் உள்ள பெயர் அதற்கு அருகில் இருந்தால் போதும்.

மூன்றாவது, எழுத்து. பலகையில் மூன்று மொழிகளிலும் எழுதவேண்டியிருந்தது. நீளமான தூய தமிழ்ப் பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று விதமாகச் சிதைந்துபோகும். மூன்று எழுத்துப் பெயருக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஆங்கிலத்தில் Mavady என்ற ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, வியாபாரப் பெயர்ப் பதிவு, மருந்துச் சீட்டு, கூகிள் வரைபடம் எல்லாவற்றிலும் அதையே போட்டோம். ஓரிடத்தில் மாறினால் வங்கியிலும் அலுவலகத்திலும் அலைய நேரிடும்.

பலகை எழுதும் முன்னர் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியவேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இடத்தையும் பதியவேண்டும். அதில் மருத்துவமனை ஒரு வகை, தனி வைத்தியரின் டிஸ்பென்சரி வேறு வகை. பதிந்த வகைக்கும் பலகையில் உள்ள பின்சொல்லுக்கும் முரண் இல்லாதபடி பார்த்துக்கொள்வது நல்லது.

வாசலைத் தாண்டினால்

திறப்பதற்கு முதல்நாள் உள்ளே போய்ப் பார்த்தேன். வரவேற்பு மேசையின் மேல் கடையில் வாங்கிய ஒரு சிறிய பலகை: ‘விசாரணை’. நோயாளி முதலில் வந்து நிற்கும் இடம் அது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு உள்ள மற்றப் பொருளை விளக்கத் தேவையில்லை. கழற்றிவிட்டு ‘இங்கே கேளுங்கள்’ என்று எழுதினோம். ‘பரிசோதனை அறை’யை ‘டொக்டர் அறை’ ஆக்கினோம். வாசலில், பெயருக்குக் கீழே, திறந்திருக்கும் நேரமும் இன்னொரு வரியும்: ‘பாம்புக்கடி, நெஞ்சுவலி, விபத்து என்றால் இங்கே வராமல் 1990 இற்கு அழையுங்கள்.’

பெயர் செய்யக்கூடியது இவ்வளவுதான். நோயாளி வாசலுக்கு வரும்வரைதான் அதன் வேலை. உள்ளே இலக்கத்தைக் கத்திக் கூப்பிட்டால், கதவு படாரென்று அடித்தால், மாவடியும் பயப்படவைக்கும் இடமாகிவிடும். கதவுக்கு ரப்பர் துண்டு ஒட்டியது பெயர் வைத்த பிறகு செய்த வேலை.

போன கிழமை பஸ்ஸால் இறங்கி ஓட்டோவில் ஏறினேன். இடத்தைச் சொல்வதற்கு முன்னரே, கையில் இருந்த மருந்துப் பையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “மாவடிக்கோ அக்கா?”

தோழியின் அம்மாவிடம் அதைச் சொன்னேன். “இது பரவாயில்லை” என்றார்.