நிலைப்பதிவின் அந்தரங்கம்: கோப்பு, மேகத்தாள், செய்திச்செயலி

1. வரையறை

ஒருவர் தம் உறக்கம், மனநிலை, மருந்து ஆகியவற்றை நாள்தோறும் ஒரு குறித்த வேளையில் சில எண்களாகவும் சொற்களாகவும் எழுதிவைப்பதை இக்கட்டுரையில் நிலைப்பதிவு என்கிறோம். இது நாட்குறிப்பு அன்று. நாட்குறிப்பில் ஒரு பக்கமே தனித்துப் பொருள் தரும். நிலைப்பதிவின் ஒற்றை வரி பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. ‘உறக்கம் 4 மணி, மனம் 2, மாத்திரை இல்லை’ என்ற வரியை எவர் கண்டாலும் ஒரு மோசமான இரவு என்று கடந்துபோவார். அத்தகைய வரிகள் மூன்று மாதத்துக்குச் சேர்ந்துவிட்டால், மாத்திரையை எந்த வாரத்தில் நிறுத்தினார், நிறுத்தியபின் எத்தனை நாளில் மனம் சரிந்தது, யார் வந்துபோன நாட்களில் உறக்கம் கெட்டது என்பன எல்லாம் தெரிந்துவிடும். ஆகவே இங்கே காக்கவேண்டியது வரியை அன்று, வரிசையை.

ஒரு பதிவைப் படிக்க இயன்றவர்களும், படிக்கலாம் என்று உரியவர் எண்ணியவர்களும் ஒரே தொகுதியினராக இருப்பதையே அந்தரங்கம் என்று கொள்கிறோம். இதை அளக்க இரண்டு கேள்விகள் போதும். பதிவுக்கு எத்தனை படிகள் உள்ளன? ஒவ்வொரு படியையும் திறக்கும் திறவு யாரிடம் உள்ளது? உரியவர் கேளாமலே படிகள் பல்குவதைப் படிப்பெருக்கம் என்போம். பின்வரும் மூன்று முறைகளிலும் கேடு பெரும்பாலும் இந்த வழியாகவே வருகிறது.

2. நோக்கர் வகை

படிக்கக்கூடியவர்களை மூவகையாகப் பிரிக்கலாம். ஒரே வீட்டில் அல்லது ஒரே அலுவலகத்தில் இருந்து, கருவியைக் கையில் எடுக்க வாய்ப்புள்ளவர் அண்மை நோக்கர். தரவைத் தம் கணினிகளில் வைத்துத் தரும் நிறுவனம் இடைக்காப்பாளர். கசிந்த கடவுச்சொல் வழியாகவோ பரவிய இணைப்பு வழியாகவோ வெளியிலிருந்து வருபவர் சேய்மை நோக்கர்.

அந்தரங்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் பின்னிரு வகையினரைச் சுற்றியே நடக்கிறது. சட்டமும் அப்படித்தான். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்குக் கடமைகளை விதிக்கிறது. தனிமனிதர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது. நிலைப்பதிவை உண்மையில் திறந்து பார்ப்பவரோ பெரும்பாலும் வீட்டில் இருப்பவர். எனவே அண்மை நோக்கரை முதலிலும் மற்றவரை அடுத்தும் வைத்து ஆராய்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவரும் ஒரு பள்ளி ஆசிரியை இரவுதோறும் ஐந்து கட்டங்களை நிரப்புகிறார்: நாள், உறங்கிய மணி, மனநிலை (1 முதல் 5 வரை), மாத்திரை எடுத்தாரா, ஒரு வரிக் குறிப்பு. மருத்துவர் மாதம் ஒருமுறை இதைப் பார்க்க விரும்புகிறார். ஆசிரியையின் கைபேசியைக் கணவர் எடுத்துப் பேசுவதுண்டு. வீட்டு மடிக்கணினியில் மகன் பாடம் படிக்கிறான். இதில் பகை எதுவும் இல்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

3. செய்திச்செயலி

ஆசிரியைக்கு மிக எளிது வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே செய்தி அனுப்பிக்கொள்வது. 2022ஆம் ஆண்டு இறுதியில் இவ்வசதி அதில் சேர்ந்தது. வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கத்துடன் செல்கின்றன. அனுப்பும் கருவியிலும் பெறும் கருவியிலும் மட்டுமே திறவு இருந்து, நடுவில் உள்ள நிறுவனம் உள்ளடக்கத்தைப் படிக்க இயலாதிருப்பதே இந்த மறையாக்கம். ஆகவே செய்தி செல்லும் வழியில் இடைக்காப்பாளரைப் பற்றிய அச்சம் பெரிதும் நீங்குகிறது.

ஆனால் முனை என்பது கைபேசியே. அதுவோ வீட்டார் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. உரையாடலை மட்டும் தனியே பூட்டும் வசதி 2023இல் வந்தது. அதைப் பயன்படுத்தினாலும் Linked devices பட்டியலில் மகனின் மடிக்கணினி இருந்தால், அங்கே இன்னொரு படி கிடக்கும். அடுத்தது காப்புப்படி. கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ செல்லும் உரையாடல் காப்புப்படி, இயல்பு அமைப்பில் முனைக்கு முனை மறையாக்கம் பெற்றதன்று. 2021 முதல் அதற்கு வழி உண்டு. ஆயினும் Chat backup பகுதியில் End-to-end encrypted backup என்பதை உரியவரே இயக்க வேண்டும். அங்கே Off என்று இருந்தால், செய்தி சென்ற வழியில் கிடைத்த காப்பு அது சேர்ந்த இடத்தில் இல்லை என்று அறியலாம்.

டெலிகிராமின் நிலை வேறு. அதன் சாதாரண உரையாடல்களும் Saved Messages பகுதியும் நிறுவனத்தின் கணினிகளில் அதன் திறவோடு இருப்பவை. செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் அங்கே ரகசிய உரையாடலில் மட்டுமே உண்டு. நாள்தோறும் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் பாட் என்னும் தானியங்கிகள் ரகசிய உரையாடலில் இயங்குவதில்லை. ஒழுங்காகப் பதிவு செய்ய விரும்புவோரைப் பெரிதும் ஈர்ப்பவை இந்தத் தானியங்கிகளே. அவற்றுக்கு அனுப்பும் ஒவ்வொரு பதிலும் டெலிகிராமிடமும் தானியங்கியை நடத்துபவரிடமும் சேர்கிறது.

4. மேகத்தாள்

கூகுள் ஷீட் போல, வலையில் இருந்து பல கருவிகளில் திறக்கும் கணக்குத்தாளை மேகத்தாள் என்கிறோம். செல்லும் வழியிலும் சேமித்த இடத்திலும் அது மறையாக்கம் பெறுகிறது. ஆனால் தனிமனிதரின் சாதாரணக் கணக்கில் திறவு நிறுவனத்திடமே இருக்கும். ஆசிரியையின் வீட்டைப் பொறுத்தவரை இது சிறு குறையே. பெருங்குறை வேறு இரண்டு.

முதலாவது பகிர்வு. மருத்துவருக்குக் காட்டவேண்டும் என்ற அவசரத்தில் General access என்பதை Anyone with the link என்று மாற்றிவிடுகிறோம். அந்நொடி முதல் இணைப்பு கையில் உள்ள எவரும் நோக்கரே. மருத்துவரின் உதவியாளர் அதை இன்னொரு குழுவுக்கு அனுப்பினால் ஆசிரியைக்கு அதை அறிய வழியில்லை. சோதிக்க எளிய முறை உண்டு. இணைப்பை நகலெடுத்து, கணக்கில் நுழையாத மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்க்கவேண்டும். நுழைவு கேட்டால் தாள் மூடியிருக்கிறது. கேளாமல் விரிந்தால் திறந்துகிடக்கிறது.

இரண்டாவது, அழித்தது அழியாமை. ஒரு குறிப்பில் மாமியாரோடு நடந்த சச்சரவை எழுதிவிட்டு, மறுநாள் அக்கட்டத்தை வெறுமையாக்கினார் என்று கொள்வோம். கண்ணுக்குத் தாள் தூய்மையாகத் தெரியும். Version history என்பதைத் திறந்தால் நேற்றைய வரி அப்படியே இருக்கக் காணலாம். பார்வை உரிமை மட்டும் பெற்றவர் இதைக் காண இயலாது. திருத்த உரிமை பெற்றவர் காண்பார். பழைய வடிவங்களோடு உறவை அறுக்க வேண்டுமானால், தாளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை நீக்கி, குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கவேண்டும். கூகுள் ஃபார்ம் வழியாகப் பதிவு செய்பவருக்கு வேலை இரட்டிப்பு. தாளில் வரியை நீக்கினாலும் படிவத்தின் Responses பகுதியில் அது தங்கியிருக்கும். வசதிக்காகச் சேர்த்த ஒரு படிவமே இரண்டாம் படியை உண்டாக்கிவிடுகிறது.

5. உள்ளிடக் கோப்பு

சொந்தக் கருவியின் வட்டில் மட்டும் இருக்கும் கோப்பு உள்ளிடக் கோப்பு. மூன்றிலும் படிப்பெருக்கம் குறைந்தது இதுவே. ‘மட்டும்’ என்ற நிபந்தனைதான் அடிக்கடி உடைகிறது. விண்டோஸ் கணினியில் Documents, Desktop ஆகிய அடைவுகளை ஒன்டிரைவ் காப்புக்குள் இணைப்பது இன்று மிகப் பரவலான அமைப்பு. இணைத்ததை மறந்தவர் ‘என் கணினியில்தான் வைத்திருக்கிறேன்’ என்று உண்மையாகவே நம்புவார். கோப்பின் முழுமுகவரியில் OneDrive என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

அடுத்த இடர் அண்மை நோக்கர். மறையாக்கம் இல்லாத ஒரு csv கோப்பு, அதே பயனர் கணக்கில் அமரும் மகனுக்கு இரண்டு சொடுக்கில் திறக்கும். கட்டளைவரியில் பழகியோர் பலர் இப்படிச் செய்கின்றனர்:

```
gpg -c nilai.csv
```

இது nilai.csv.gpg என்ற மறையாக்கப் படியை உண்டாக்குகிறது. ஆனால் மூலமான nilai.csv அங்கேயே கிடக்கிறது. அதை நீக்கினாலும், எஸ்எஸ்டி வட்டுகளில் நீக்கிய இடம் உடனே வேறொன்றால் நிரம்பும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே எழுதிவிட்டுப் பூட்டுவதைவிட, முதல் வரியை எழுதும்போதே பூட்டிய கோப்பில் எழுதுவது மேல். லிப்ரெஆபிஸ் கால்க்கில் ஒரு வெற்றுத் தாளைத் திறந்து, சேமிக்கும்போது Save with password என்பதைக் குறியிட்டு ods வடிவில் சேமித்தால் இது கைகூடும். csv வடிவத்துக்கு இந்த வசதி இல்லை. அது வெறும் எழுத்து. பெயரும் கவனத்துக்குரியது. அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலில் அது தெரியும் என்பதால் ‘மாத்திரை’ என்பதைவிட ‘வகுப்பு மதிப்பெண் 2’ என்பது நல்ல பெயர்.

இங்கே ஒன்று தெளிவாகிறது. கடவுச்சொல்லோடு சேமித்த அந்தக் கோப்பை டிரைவிலோ பென்டிரைவிலோ காப்புக்காக வைத்தாலும், கிடைப்பவருக்குத் தெரிவது பெயர், அளவு, மாறிய நேரம் ஆகிய மூன்றே. எனவே மூன்று முறைகளுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு கோப்பின் இருப்பிடத்தில் இல்லை. திறவின் இருப்பிடத்தில் உள்ளது. உள்ளிடக் கோப்பே ஆனாலும் பூட்டாமல் விட்டால் வீட்டில் அது எல்லோருக்கும் பொது.

6. தேர்வு

ஆசிரியையின் பதிவில் ஐந்து கட்டங்களும் சம எடை உடையன அல்ல. குறிப்பு என்ற கட்டமே மனிதர்களின் பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் தாங்குகிறது. மருத்துவருக்குத் தேவையானவை முதல் நான்கு. அந்நான்கையும் தனித்தாளாகப் பிரித்து, மாத இறுதியில் ஒரே பக்கமாக அச்சிட்டுக் கையில் கொண்டுபோனால் பகிர்வுக்காக மேகத்தாளே தேவைப்படாது. மருத்துவர் தொலைவில் இருந்தால் அவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் பார்வை உரிமை தந்து, பார்த்து முடிந்ததும் உரிமையைத் திரும்பப் பெறலாம். அந்தத் தாளில் தம் பெயரையும் மருந்தின் பெயரையும் எழுதாமல் விடலாம். மருத்துவர் இரண்டையும் அறிவார்.

இரவில் கணினி கைக்கெட்டாத நாட்களுக்குச் செய்திச்செயலியைத் தற்காலிகத் தாங்கியாகக் கொள்வதில் தவறில்லை. எண்களை மட்டும் எழுதி, மறுநாள் கோப்பில் ஏற்றிவிட்டுச் செய்தியை நீக்கவேண்டும். இரவுக்குள் காப்புப்படி எடுக்கப்பட்டிருந்தால் அதில் அச்செய்தி இருக்கும் என்பதால், குறிப்புக் கட்டத்தை இவ்வழியில் ஒருபோதும் அனுப்பலாகாது.

இந்த வீட்டுக்கு எம் தீர்ப்பு, கடவுச்சொல்லிட்ட உள்ளிடக் கோப்பு. தனியே வாழ்பவராகவும், கைபேசியை எவரும் தொடாதவராகவும் இருந்தால், மறையாக்கக் காப்புப்படியை இயக்கிய வாட்ஸ்அப்பே அவருக்குப் போதும் என்போம். நிலைப்பதிவுக்கு நிலையான இடமாக மேகத்தாளை இவ்விருவருக்கும் நாம் பரிந்துரைக்கவில்லை.

இத்தேர்வுக்கு ஒரு விலை உண்டு. மேகத்தாளின் கணக்குக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத்தர நிறுவனம் இருக்கிறது. ods கோப்பின் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத்தருவார் எவரும் இல்லை. பதிவு அத்தனையும் போகும். ஆகவே அச்சொல்லை ஒரு தாளில் எழுதி, கணினி இருக்கும் அறையில் அன்றி வேறிடத்தில், நகையோ பத்திரமோ வைக்கும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.