மார்ட்டிங்கேல் பந்தய முறை

தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கி, வென்றதும் முதல் தொகைக்குத் திரும்பும் சூதாட்ட முறை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவலாக ஆடப்பட்டது. ஒரு வெற்றி முந்தைய இழப்புகளை ஈடுகட்டி முதல் பந்தயத் தொகையை லாபமாகத் தரும் என்பது இதன் கணக்கு. பணத்துக்கும் பந்தயத்துக்கும் வரம்பே இல்லாவிட்டால்தான் இது பலிக்கும்.

ஐரோப்பிய ரூலெட்டின் 37 எண்களில் 18 சிவப்பு. சிவப்பின் மீது 100 ரூபாயில் தொடங்குவோம்; மேசையின் உச்சவரம்பு 10,000 ரூபாய் என்று கொள்வோம். ஏழாவது பந்தயம் 6,400. அதுவும் தோற்றால் மொத்த இழப்பு 12,700. அடுத்து வைக்க வேண்டிய 12,800-ஐ மேசை ஏற்காது. வரம்பு இல்லாத மேசையிலும், கைப்பணம் தீரும் இடத்தில் ஆட்டம் இப்படித்தான் நிற்கும்.

தொடர்ந்து ஏழு முறை தோற்பது அபூர்வம் என்று தோன்றலாம். ஆனால் அது சராசரியாக 106 சுற்றுத்தொடர்களில் ஒருமுறை நேரும். மற்ற 105 தொடர்களும் தரும் லாபம் 10,500 ரூபாய்தான். அந்த ஒரு தொடர் அதைவிட 2,200 ரூபாய் கூடுதலாகப் பறித்துவிடும். முந்தைய தோல்விகள் அடுத்த சுழற்சியைப் பாதிப்பதில்லை என்பதால், சிவப்பு ‘வந்தே தீர வேண்டிய’ கட்டம் என்று ஒன்று இல்லை. பந்தயத்தை எப்படி மாற்றி வைத்தாலும், வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2.70 ரூபாய் சூதாட்ட விடுதிக்கே போகிறது.