பயிலுநருக்கு அனுப்பும் ஒற்றை வரிச் செய்தியைத் திருத்தி எழுதுவது

ரொறன்ரோவில் தமிழர் நடத்தும் சிறிய கணக்கியல் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயிலுநராக வந்து இரண்டாவது வாரத்தில் இருக்கும் பிள்ளைக்கு, மூத்தவர் சாட்டில் இப்படி அனுப்புகிறார்:

“தம்பி, பேக்கரியின்ரை பாங்க் கணக்கைச் சரிபார்த்து முடிச்சு விடுங்கோ. போனமுறை மாதிரித்தான். அவசரம்.”

பதில் “ஓம் அண்ணா” என்று வரும். மூத்தவர் சொன்னால் திருப்பிக் கேட்காமல் இருப்பதை மரியாதை என்று நாம் பழக்கி வைத்திருக்கிறோம். ஆகவே அந்த ஓமை விளங்கியதன் அடையாளமாக எடுக்க முடியாது. போனமுறை வேலை நடந்தபோது அந்தப் பிள்ளை அங்கே இருக்கவே இல்லை. எந்த மாதம், நடப்புக் கணக்கா கடனட்டையா என்பதும் தெரியாது.

இதிலே ஆபத்தான சொல் “முடிச்சு விடுங்கோ” என்பதுதான். குவிக்புக்ஸ் மென்பொருளில் வங்கி அறிக்கைக்கும் ஏட்டுக்கும் இடையே வித்தியாசம் இருக்கும்போது `Finish now` அழுத்தினால், அந்தத் தொகையைச் சீராக்கல் பதிவாகப் போட்டு முடிக்கவா என்று அது கேட்கும். பயிலுநர் சம்மதித்துவிட்டால் திரையில் எல்லாம் முடிந்ததாகத் தெரியும். ஆனால் ஏட்டில் ஏறாத விற்பனைப் பணம் ஒன்று அந்தப் பதிவுக்குள் மறைந்துவிடலாம். பிறகு விற்பனை வரிக் கணக்கும் பிழைக்கும்.

நாம் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

“தம்பி, பேக்கரியின் நடப்புக் கணக்கு, செப்டம்பர் மாதம் மட்டும். கடனட்டையைத் தொடவேண்டாம். வங்கி அறிக்கை கோப்புறையில் இருக்கிறது. அதன் இறுதி மீதி 12,480.35 டொலர். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியையும் ஏட்டில் தேடிக் குறியிடுங்கோ. வித்தியாசம் 0 ஆக வந்தாலும் `Finish now` அழுத்தாமல் `Save for later` அழுத்துங்கோ, முடிப்பது நான். பொருந்தாதவற்றைத் திகதி, தொகை, என்னவாக இருக்கலாம் என்று எழுதி அனுப்புங்கோ. எழுதிய காசோலை இன்னும் வங்கிக்குப் போகாமல் இருக்கலாம், அது பிழையல்ல. ஒரே வரியில் 20 நிமிடம் நின்றால் என்னைக் கேளுங்கோ. புதன் பின்னேரம் 3 மணிக்குத் தேவை, 4 மணிக்கு வாடிக்கையாளரோடு கதைக்கிறேன். தொடங்கமுன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று இரண்டு வரியில் எழுதுங்கோ.”

நீளம்தான். எழுத ஐந்து நிமிடம் எடுக்கும். ஆனால் “அவசரம்” என்ற சொல் போய், நேரமும் அதற்கான காரணமும் வந்துவிட்டன. எதைச் செய்யக்கூடாது என்பதும் எங்கே நிற்கவேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கின்றன. கடைசி வரிதான் சோதனை: பதிலில் “செப்டம்பர்”, “முடிக்கமாட்டேன்” என்ற இரண்டும் இல்லையென்றால் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எல்லாவற்றையும் இப்படி எழுதத் தேவையில்லை. அடுத்த மாதம் அதே பேக்கரி வரும்போது, “செப்டம்பரில் செய்ததுபோல, இம்முறை ஒக்டோபர்” என்றால் போதும். அப்போது “போனமுறை மாதிரி” என்பதற்கு உண்மையிலேயே ஒரு போனமுறை இருக்கும்.

மூத்தவர் ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டால் பயிலுநரே அதை விரித்து எழுதலாம்: “அண்ணா, செப்டம்பர் நடப்புக் கணக்கை மட்டும் பார்த்து, முடிக்காமல் சேமித்து வைக்கிறேன், சரியோ?” இந்தக் கேள்வியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.